பாலிசி ஸ்டேட்மென்டில் உள்ள நான்கு தொகைகளை எப்படிப் படிப்பது?

எல்ஐசி பாலிசியின் ஸ்டேட்மென்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒரு கூட்டல். இதுவரை கட்டிய பிரீமியம் 2,60,000, சேர்ந்த போனஸ் 1,89,000, ஆக நம் பணம் 4,49,000 என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் அதே தாளில் சரண்டர் மதிப்பு 2,19,500 என்று இருப்பதைப் பார்த்ததும் பாதிப் பணத்தைக் காணோமே என்று பதறுகிறார்கள். உண்மையில் பணம் எங்கும் போகவில்லை. அந்த மூன்று தொகைகளும் மூன்று வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை. பிரீமியம் நேற்றுக் கொடுத்த பணம். போனஸ் பல வருடம் கழித்து வரப்போகும் பணம். பாலிசியை இன்றே முடித்துக்கொண்டால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு மட்டும்தான் இன்றைய பணம். நான்காவதாக ஒரு கடன் இருந்தால், அது இந்த மூன்றோடும் சேராமல் தனியாக வளர்ந்துகொண்டே போகும். இவற்றைக் கூட்டிக் கழிக்கவே கூடாது, ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை நம் வீடுகளில் அதிகம் இருக்கும் வகையைப் பற்றியது: லாபத்தில் பங்குள்ள எண்டோமென்ட் பாலிசி. பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப்புக்கும், முதிர்வில் எதுவும் திரும்பக் கிடைக்காத டெர்ம் பாலிசிக்கும் கணக்கே வேறு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்தொடர்வோம். மதுரைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் 5 லட்சம் ரூபாய் காப்புத் தொகைக்கு 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுத்தார். வரி நீங்கலாக வருடப் பிரீமியம் 26,000. கொரோனா ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில், பாலிசியின் மேல் 60,000 ரூபாய் கடன் வாங்கினார். 2025 ஏப்ரலில் ஸ்டேட்மென்ட் எடுக்கிறார். ஆளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கணக்குப் போடும் முறைதான் நிஜமானது.

பிரீமியம்: மொத்தத்தை விட FUP தேதி முக்கியம்

ஸ்டேட்மென்டில் முதலில் பார்க்க வேண்டியது கட்டிய மொத்தத் தொகையை அல்ல, FUP என்று போட்டிருக்கும் தேதியை. இன்னும் கட்டப்படாத முதல் தவணை எது என்பதை அது சொல்கிறது. நம் ஆசிரியையின் தாளில் அது 06/2025 என்று இருக்க வேண்டும். அதாவது 2015 ஜூன் முதல் 2024 ஜூன் வரை பத்துத் தவணையும் கணக்கில் ஏறிவிட்டன, அடுத்தது 2025 ஜூன். அங்கே 06/2023 என்று இருந்தால், நீங்கள் பணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலும், எல்ஐசியின் பதிவில் பாலிசி நடப்பில் இல்லை. போனஸ், சரண்டர் மதிப்பு, கடன் வரம்பு எல்லாமே அந்தத் தேதியை அடிப்படையாக வைத்துத்தான் போடப்படுகின்றன. அது தவறாக இருந்தால் தாளில் உள்ள மற்ற தொகைகளும் தவறாகவே இருக்கும்.

இந்தத் தவறு அதிகம் வருவது சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும் பாலிசிகளில். அலுவலகம் மாதாமாதம் பிடித்துப் பட்டியலோடு கிளைக்கு அனுப்புகிறது. இடமாறுதல், சம்பளமில்லா விடுப்பு, புதிய அலுவலகத்தில் பிடித்தம் தாமதமாகத் தொடங்குவது போன்ற சமயங்களில் ஒன்றிரண்டு மாதங்கள் விட்டுப்போகும். பின்னால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தாலும் நடுவில் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். இதைத்தான் கிளைகளில் 'கேப்' என்பார்கள். முதிர்வு நேரத்தில்தான் அது பெரும்பாலும் வெளியே வரும், அப்போது வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். அந்த மாதத்துச் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிந்தால் அதைக் காட்டிச் சரிசெய்ய முடியும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய சீட்டைத் தேடுவதை விட, இடமாறுதலான அடுத்த வருடமே ஸ்டேட்மென்டைப் பார்த்துவிடுவது எவ்வளவோ சுலபம்.

கட்டிய மொத்தம் என்ற தொகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் உதாரணத்தில் பிரீமியம் 2,60,000. ஆனால் ஆசிரியையின் வங்கிக் கணக்கிலிருந்து போனது அதை விட ஏறத்தாழ 6,000 ரூபாய் அதிகம். முதலில் சேவை வரி, 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி என்று ஒவ்வொரு தவணையோடும் வரி போயிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் முன்பு கட்டிய வரி திரும்பி வராது. சரண்டர் கணக்கில் வரி சேராது. விபத்துக் காப்புக்காகக் கட்டும் கூடுதல் பிரீமியமும், தாமதக் கட்டணமும் அதில் சேராது. எனவே பாஸ்புக்கில் போன தொகையும் ஸ்டேட்மென்டில் இருக்கும் தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் இந்த மூன்றையும் கழித்துப் பாருங்கள்.

போனஸ்: எழுதி வைத்த வாக்கு

எல்ஐசி ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 நிலவரப்படி தன் சொத்தையும் கடப்பாட்டையும் மதிப்பிட்டு, லாபத்தில் பங்குள்ள பாலிசிகளின் நிதியில் மிகுதி எவ்வளவு என்று கணக்கிடுகிறது. அந்த மிகுதியில் பெரும்பகுதி பாலிசிதாரர்களுக்குப் போனஸாகப் போகிறது. அறிவிப்பு இப்படி வரும்: இந்தத் திட்டத்துக்கு, இத்தனை வருடக் காலத்துக்கு, ஆயிரம் ரூபாய் காப்புத் தொகைக்கு இத்தனை ரூபாய். நீங்கள் கட்டிய பிரீமியத்துக்கு இத்தனை சதவீதம் என்று வராது.

கணக்கு எளிதாக இருக்க, எல்லா வருடமும் ஆயிரத்துக்கு 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்தில் 500 ஆயிரங்கள். ஆக வருடத்துக்கு 21,000 ரூபாய். பத்துத் தவணை கட்டியிருக்கிறார், ஆனால் தாளில் இருப்பது 1,89,000, அதாவது ஒன்பது வருடப் போனஸ்தான். ஒரு வருடத்தை விட்டுவிட்டார்களே என்று சண்டைக்குப் போக வேண்டாம். 2025 மார்ச் 31-க்கான மதிப்பீடு முடிந்து அறிவிப்பு வரச் சில மாதங்கள் ஆகும். ஏப்ரலில் எடுத்த தாளில் அது இருக்க முடியாது. அந்த வருட இறுதியில் எடுத்துப் பார்த்தும் சேரவில்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த 21,000 கையில் வரும் பணமல்ல. ஒரு வங்கி வைப்பில் வட்டி சேர்ந்தால் மறுநாளே எடுக்கலாம், அந்த வட்டிக்கும் வட்டி வரும். போனஸ் அப்படியில்லை. அது பாலிசியோடு சேர்த்து எழுதப்படுகிறது. ஒருமுறை எழுதியதை எல்ஐசி திரும்பப் பெற முடியாது, அந்த அளவுக்கு அது உறுதியானது. ஆனால் முதிர்விலோ மரணத்திலோதான் முழுதாகக் கிடைக்கும். போனஸின் மேல் போனஸ் கிடையாது. 2016-ல் எழுதிய 21,000, 2035-ல் கொடுக்கும்போதும் அதே 21,000தான்.

இதனால் ஒவ்வொரு வருடப் போனஸுக்கும் ஒரே மதிப்பு இல்லை. 19 வருடம் கழித்துக் கிடைக்கும் 21,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் பின்னோக்கிக் கணக்கிட்டால், எழுதிய நாளில் அதன் மதிப்பு 5,800 ரூபாய்தான். முதிர்வுக்கு முந்தைய வருடம் எழுதும் 21,000 கிட்டத்தட்ட முழு 21,000. பாலிசியின் தொடக்க வருடங்களில் "வருஷா வருஷம் இருபத்தோராயிரம் போனஸ் ஏறுது, சார்" என்று ஏஜென்ட் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பணத்தின் எடை கடைசி வருடங்களில்தான் இருக்கிறது.

தாளில் இல்லாத ஒரு போனஸும் உண்டு. பொதுவாகப் பதினைந்து வருடமாவது ஓடிய பாலிசிகளுக்கு, முதிர்விலோ மரணத்திலோ இறுதிக் கூடுதல் போனஸ் என்று ஒரு தொகை சேரலாம். அது அந்தச் சமயத்து விகிதப்படி முடிவாவது. அதனால் முன்கூட்டியே ஸ்டேட்மென்டில் எழுதமாட்டார்கள். அதை எதிர்பார்க்கலாம், ஆனால் நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பது என் கருத்து. பிரீமியம் கட்டுவதை நிறுத்திய பாலிசியில் புதிய போனஸ் ஏறாது. ஏற்கெனவே எழுதியது மட்டும் நிற்கும்.

சரண்டர் மதிப்பு எங்கிருந்து வருகிறது

சரண்டருக்கு இரண்டு கணக்குகள் போடப்படுகின்றன. எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும்.

முதலாவது உத்தரவாத சரண்டர் மதிப்பு. கட்டிய பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கும். பழைய பாலிசிகளில், முதல் வருடப் பிரீமியத்தை விட்டுவிட்டு மீதியில் 30 சதவீதம் என்ற கணக்கு வழக்கம். 2014-க்குப் பின் வந்த திட்டங்களில் இது வருடத்துக்கேற்ப ஏறும்: நான்காவது முதல் ஏழாவது வருடம் வரை 50 சதவீதம், கடைசி இரண்டு வருடங்களில் 90 சதவீதம், நடுவில் படிப்படியாக. இதோடு போனஸின் இன்றைய மதிப்பு என்று ஒரு சிறு பகுதி சேரும். நம் பாலிசிக்குப் பத்தாவது வருடத்தில் 55 சதவீதம் என்றும், போனஸுக்கு 18 சதவீதம் என்றும் கொண்டால், 1,43,000-மும் 34,020-மும் சேர்ந்து 1,77,020.

இரண்டாவது சிறப்பு சரண்டர் மதிப்பு. நடைமுறையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். இதற்கு முதலில் 'பெய்டு-அப்' தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும். இருபது தவணையில் பத்து கட்டியாகிவிட்டது, எனவே 5 லட்சத்தில் பாதி, 2,50,000. அதோடு எழுதிய போனஸ் 1,89,000. மொத்தம் 4,39,000. இன்றோடு பிரீமியத்தை நிறுத்திவிட்டுப் பாலிசியைச் சும்மா விட்டால், 2035-ல் கிடைக்கும் தொகை இது. அதை இன்றே கேட்டால், இடையில் உள்ள பத்து வருடத்துக்கான வட்டியைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். 7 சதவீதத்தில் பத்து வருடம் பின்னோக்கி வந்தால் ஏறத்தாழ பாதி ஆகும். அந்தப் பாதிதான் 2,19,500.

ஆக, கட்டிய 2,60,000-த்தில் அபராதம் போட்டுப் பிடித்துக்கொண்ட மிச்சம் என்று இந்தத் தொகையைப் பார்ப்பது சரியல்ல. 2035-ல் வர வேண்டிய 4,39,000-த்தின் இன்றைய விலை என்று பார்த்தால்தான் கணக்குப் புரியும். கழிக்கும் விகிதம் எல்ஐசி அவ்வப்போது வைக்கும் அட்டவணையில் இருக்கிறது. வட்டி நிலவரம் மாறினால் அதுவும் மாறும். அதனால்தான் போன வருடத் தாளில் பார்த்த சரண்டர் மதிப்பை வைத்து இந்த வருடம் முடிவெடுக்கக் கூடாது. கிளையில் தேதியிட்ட சரண்டர் கொட்டேஷன் கேட்டு வாங்குங்கள்.

தொடக்க வருடங்களில் நிலைமை கடுமையாகவே இருந்தது. முன்பு மூன்று வருடப் பிரீமியமாவது கட்டியிருக்காவிட்டால் சரண்டர் மதிப்பே கிடையாது, பின்பு அது இரண்டு வருடமாகக் குறைந்தது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதி வந்தது. அதன் கீழ் வரும் பாலிசிகளில் ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால், அந்த வருடம் முடிந்தபின் சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. கழிக்கும் வட்டிக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது: பத்து வருட அரசுப் பத்திர வருமானத்தோடு அரை சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது.

சரண்டர் செய்யலாமா? பின்னால் பார்க்காமல் முன்னால் பாருங்கள்

ஆசிரியை பாலிசியைத் தொடர்ந்தால் 2035-ல் என்ன கிடைக்கும்? காப்புத் தொகை 5,00,000. இருபது வருடப் போனஸ் 4,20,000. மொத்தம் 9,20,000, இறுதிக் கூடுதல் போனஸ் இல்லாமல். இருபது வருடம் 26,000 கட்டியதற்கு இது வருடத்துக்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த ஐந்தைப் பார்த்துவிட்டு "மோசமான முதலீடு, உடனே சரண்டர் பண்ணுங்க" என்று சொல்பவர்கள் இணையத்தில் நிறையப் பேர். பாலிசி வாங்கும் முன் அந்த அறிவுரை சரி. பத்து வருடம் கட்டிய பிறகு, கேள்வியே வேறு.

இப்போதைய கேள்வி: இன்று கிடைக்கும் 2,19,500-ஐ வாங்காமல் விட்டு, இன்னும் பத்துத் தவணை 26,000 கட்டினால், பத்து வருடத்தில் 9,20,000 வருகிறது. அது எத்தனை சதவீதம்? கணக்கிட்டால் எட்டரைக்குப் பக்கத்தில் வருகிறது. வரும் வருடங்களில் போனஸ் ஆயிரத்துக்கு 35 ஆகக் குறைந்துவிட்டாலும் எட்டு சதவீதம். காரணம் முன்பே பார்த்ததுதான். தொடக்கத்தில் விற்பனைச் செலவும் காப்புச் செலவும் கழிந்துபோன இழப்பை அவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார், எடையுள்ள போனஸ் எல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது. அதோடு ஐந்து லட்சக் காப்பும் தொடர்கிறது.

பிரீமியம் கட்ட முடியாத நிலை என்றால், சரண்டருக்கும் தொடர்வதற்கும் நடுவில் பெய்டு-அப் இருக்கிறது. 2,19,500-ஐ வாங்காமல் விட்டால் பத்து வருடத்தில் 4,39,000. இது ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் உயிர்க்காப்பு 5 லட்சத்திலிருந்து 2,50,000 ஆகக் குறைந்துவிடும், போனஸ் தனி.

இதே பாலிசியை மூன்றாவது வருடத்தில் வைத்துப் பார்த்தால் விடை மாறும். கட்டியது 78,000, சரண்டர் ஏறத்தாழ 35,000 என்று வைத்தால், அங்கிருந்து முன்னோக்கிய வருமானம் ஆறரை சதவீதம்தான். ஆறரை போதாது என்று நினைப்பவர் அப்போதே விலகுவதில் நியாயம் உண்டு. ஆகவே சரண்டர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எத்தனையாவது வருடம், இன்றைய கொட்டேஷன் எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை.

கடன்: தாளில் சின்னதாகத் தெரியும், உள்ளே வளரும்

பாலிசிக் கடன் வசதியானது. ஜாமீன் வேண்டாம், மாதத் தவணை கிடையாது. பத்திரத்தை எல்ஐசியின் பெயருக்கு அசைன் செய்து கொடுத்தால் போதும். நடப்பில் உள்ள பாலிசிக்குப் பொதுவாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரையும், பெய்டு-அப் பாலிசிக்கு 80 சதவீதம் வரையும் கிடைக்கும். வட்டி, திட்டத்தையும் கடன் எடுத்த காலத்தையும் பொறுத்தது. எடுத்த சில நாளில் திருப்பிக் கட்டினாலும் குறைந்தது ஆறு மாத வட்டி கொடுத்தாக வேண்டும். பத்திரத்தை அசைன் செய்வதால் நாமினியின் பெயர் போய்விடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். போகாது. காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவில் இதற்குத் தெளிவான விலக்கு இருக்கிறது. கடனும் வட்டியும் கழிந்த மீதி நாமினிக்குப் போகும்.

வசதியே இதன் ஆபத்தும் ஆகிறது. மாதத் தவணை இல்லாததால் நினைவூட்ட ஆளில்லை. வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்காகிறது. கட்டாவிட்டால் அது அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடுகிறது. போனஸுக்கு மேல் போனஸ் கிடையாது என்று பார்த்தோம். கடனிலோ வட்டிக்கு மேல் வட்டி உண்டு. ஒரே பாலிசிக்குள் ஒன்று கூட்டல் கணக்கில் ஏறுகிறது, மற்றொன்று பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஸ்டேட்மென்ட் படிப்பவர் கவனிக்க வேண்டிய மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பேன்.

ஆசிரியையின் 60,000-ஐ எடுத்துக்கொள்வோம். வட்டி 9.5 சதவீதம், அரையாண்டுக் கூட்டு. ஆறு மாத வட்டி 2,850 ரூபாய். அதை அவர் ஒருமுறையும் கட்டவில்லை. ஐந்து வருடத்தில், அதாவது பத்து அரையாண்டுகளில், கடன் 95,430 ஆகிவிட்டது. தாளில் கடன் என்ற இடத்தில் 60,000 என்றுதான் இருக்கும், வட்டி வேறொரு வரியில் இருக்கும். சில தாள்களில் வட்டி எந்தத் தேதி வரைக்கும் என்பதும் பழைய தேதியாக இருக்கும். 60,000-ஐ மட்டும் படித்துவிட்டுப் போனால் 35,000 ரூபாய் கண்ணுக்குத் தப்பிவிடும். இப்படியே விட்டால் 2035 ஏப்ரலில், பதினைந்து வருடம் முடியும்போது, அது ஏறத்தாழ 2,41,400. வாங்கியதைப் போல நான்கு மடங்கு. முதிர்வுத் தொகை 9,20,000-த்தில் கையில் வருவது 6,75,000 சொச்சம்தான்.

இன்றே சரண்டர் செய்தால் 2,19,500-ல் 95,430 போக 1,24,070 கிடைக்கும். இன்னும் கடன் கேட்டால், 90 சதவீத வரம்பான 1,97,550-ல் பழைய கடன் போக 1,02,120 வரை கிடைக்கலாம். ஒருவேளை அவர் இன்று இறந்துவிட்டால், குடும்பத்துக்கு 5,00,000-மும் 1,89,000-மும் சேர்ந்து, கடன் கழிந்து, 5,93,570. அறிவிப்பு வராத வருடத்துக்கு இடைக்காலப் போனஸ் தனியாகச் சேரும்.

கையில் கொஞ்சம் பணம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் இந்தத் தாளிலேயே விடை இருக்கிறது. 9.5 சதவீதம் அரையாண்டுக் கூட்டாக ஓடும்போது வருடத்துக்கு உண்மையில் 9.7-க்கு மேல். பாலிசி முன்னோக்கித் தருவது எட்டரை. அதை விடக் கடன் அதிகம் தின்கிறது. எனவே முதலில் கடனை அடைக்க வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் பகுதி பகுதியாகக் கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் அரையாண்டு வட்டியையாவது விடாமல் கட்டினால் அசல் வளராது. பிரீமியம் கட்டும் பக்கமும் கடன் வட்டி கட்டும் பக்கமும் எல்ஐசி இணையதளத்தில் வேறு வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் கட்டியாகிவிட்டது என்று இருப்பவர்கள் நிறைய.

கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தொட்டுவிட்டால் எல்ஐசி பாலிசியை முடித்துக்கொள்ளலாம். இதற்கு ஃபோர்குளோஷர் என்று பெயர். எவ்வளவு சீக்கிரம் வரும் என்று பார்ப்போம். நம் பாலிசியிலேயே ஒருவர் 90 சதவீதம் முழுக்க, அதாவது 1,97,550, கடன் வாங்கிவிட்டு, பிரீமியத்தையும் வட்டியையும் நிறுத்திவிட்டார் என்று கொள்வோம். சரண்டர் மதிப்பு வருடத்துக்கு ஏழு சதவீதம் அளவில்தான் வளரும். கடன் 9.7 சதவீதம் வளரும். சுமார் நான்கரை வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். பத்து வருடம் கட்டிய பாலிசி, காப்பும் இல்லாமல், பணமும் இல்லாமல் முடியும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால் சரண்டர் மதிப்பு வேகமாக ஏறும், இந்த நிலை எளிதில் வராது. கடனோடு பிரீமியத்தையும் நிறுத்துவதுதான் பாலிசியைக் கொல்கிறது. முடிக்கும் முன் நோட்டீஸ் வரும். ஆனால் அது பாலிசியில் பதிவான விலாசத்துக்குத்தான் போகும். பழைய வாடகை வீட்டு விலாசமே இன்னும் இருந்தால் அது உங்களை வந்து சேராது. கடன் எடுத்த பாலிசியில் விலாசமும் கைபேசி எண்ணும் சரியா என்று அதே ஸ்டேட்மென்டில் பார்த்துவிடுங்கள்.

தொகை தவறாக இருந்தால்

தாளை நீங்களே சரிபார்க்க முடியும். காப்புத் தொகையை ஆயிரத்தால் வகுத்து, ஒவ்வொரு வருடமும் உங்கள் திட்டத்துக்கும் காலத்துக்கும் அறிவித்த விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் போனஸ் வர வேண்டும். விகித அட்டவணையைக் கிளையில் கேட்கலாம். கடனை, எடுத்த தேதியிலிருந்து அரையாண்டு அரையாண்டாகப் பெருக்கிப் பாருங்கள். இடையில் கட்டிய வட்டி ஏறாமல் இருந்தால் உங்கள் கணக்குக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொகையைச் சுற்றித்தான் இருக்கும். சரண்டர் மதிப்பை மட்டும் வெளியிலிருந்து துல்லியமாகப் போட முடியாது, ஏனென்றால் விகிதம் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் பெய்டு-அப் தொகை எவ்வளவு, பயன்படுத்திய விகிதம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்கலாம். அந்த இரண்டும் தெரிந்தால் பெருக்கல் உங்களுடையது.

வித்தியாசம் தெரிந்தால், பாலிசி இருக்கும் தாய்க் கிளைக்கு ரசீது நகலோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கிளை கொடுத்த பதில் வந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். அங்கே கொண்டுபோக வேண்டியது தேதியிட்ட ஸ்டேட்மென்ட், பத்திரத்தின் நகல், நீங்கள் போட்ட கணக்கு, கிளைக்குக் கொடுத்த கடிதம் ஆகியவை. பத்திரம் கடனுக்காக எல்ஐசியிடமே இருந்தால், அசைன் செய்யும் முன் இரு பக்கமும் நகல் எடுத்து வைத்திருப்பது இந்த நேரத்தில்தான் உதவும்.